படத்தில் வந்த பேட்டர்ன்: எண்ணலாம், படிக்கலாம், அளக்கலாமா?

மேஜைமேல் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் விரிந்து கிடக்கிறது. அமெரிக்க பேட்டர்ன் உறைக்குள் மடித்து வைத்து விற்பார்களே, அந்தத் தாள். பெண்கள் அணியும் எளிய டாப்ஸ் ஒன்றின் முன்பாகம் அதில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் அதன் கை. யாரோ அதை நின்றபடியே போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது சில குறிகள்: கையின் நடுவே இரண்டு முனையிலும் தலை உள்ள நீண்ட அம்பு, முன்பாகத்தின் ஓரத்தைத் தொடும் அடைப்புக்குறி போன்ற கோடு, விளிம்பில் சின்னச் சின்ன முக்கோணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் மூன்று கோடுகள், அவற்றின் மேல் 12, 14, 16 என்ற எண்கள்.

தாள் கையில் இருந்தால் இந்தக் குறிகளைப் படிப்பது பெரிய வேலை இல்லை. படத்தில் பார்க்கும்போதுதான் ஒரு கேள்வி குறுக்கே வருகிறது. கேமரா இந்தத் தாளை என்ன செய்திருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் எந்தக் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது பிரிந்துவிடும்.

கேமரா எதை மாற்றும், எதை மாற்றாது

கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். தாள் முழுதும் ஒரே தூரத்தில் இருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கும், தொல்லை இல்லை. போன் கொஞ்சம் சாய்ந்தால் தாளின் ஒரு முனை பக்கத்தில் வந்து மறுமுனை விலகிப்போகும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பாகத்தின் நீளம் 20 அங்குலம். போன் அதன் நடுப்புள்ளியிலிருந்து 24 அங்குலத்தில் இருக்கிறது. சாய்வு வெறும் 10 டிகிரி. கையில் பிடித்து எடுக்கும்போது இது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஒரு முனை கேமராவுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் நெருங்கிவிடும், மறுமுனை அதே அளவு விலகும். அருகு முனையில் ஓர் அங்குலம் படத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, தூர முனையில் அதைவிட 13 சதவீதம் குறைவாகப் பிடிக்கும் என்று சொன்னால் பெரிய பிழையில்லை. அதே சாய்வில் 60 அங்குலத் தூரத்திலிருந்து எடுத்தால் வித்தியாசம் 6 சதவீதமாக இறங்கிவிடும்.

இப்படிப் படம் விழும்போது சில பண்புகள் கெடும், சில கெடாது. நீளம் கெடும். கோணம் கெடும். தாளில் இணையாக இருந்த இரண்டு கோடுகள் படத்தில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். ஒரு கோட்டின் நடுப்புள்ளிகூட படத்தில் நடுவில் நிற்காது. ஆனால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும் (லென்ஸ் ஓரத்தில் சற்று வளைக்கும், தாளைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் அது அவ்வளவாகத் தெரியாது). எந்தக் கோடு எதைத் தொடுகிறது, எது எதற்கு அடுத்து வருகிறது, எத்தனை இருக்கிறது என்பவை மாறவே மாறா.

ஆக, படத்தில் எண்ணுவதையும் படிப்பதையும் நம்பலாம். அளப்பதை நம்பக் கூடாது. பேட்டர்ன் குறிகளில் பெரும்பாலானவை எண்ணவும் படிக்கவும்தான் போடப்பட்டவை. சில குறிகள் மட்டும் நீளத்தையும் கோணத்தையும் சார்ந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அம்பு: படத்தின் செங்குத்து அல்ல, துணியின் செங்குத்து

கையின் நடுவே ஓடும் இரட்டைத் தலை அம்புதான் கிரெய்ன் லைன். துணியின் பாவு நூல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அது சொல்கிறது. தறியில் பாவு நூல்கள் இழுவையில் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல் அவற்றின் குறுக்கே மேலும் கீழுமாகப் போகும். அதனால் பொதுவாகப் பாவுத் திசையில் துணி குறைவாகவே இழுபடும், ஊடைத் திசையில் சற்றுக் கூடுதலாக இழுபடும். மூலைவாட்டில் இழுத்தால் கதையே வேறு. அங்கே நூல்கள் நீள வேண்டியதில்லை. சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரமாகிவிடுகின்றன, துணி தாராளமாக நீள்கிறது. நம் ஊர்த் தையல்காரர்கள் ஜாக்கெட்டுக்குக் கிராஸ் கட்டிங் போடுவது இந்தக் குணத்துக்காகத்தான். முன்பாகத்தை மூலைவாட்டில் வெட்டினால் உடம்போடு ஒட்டி நிற்கும்.

வேண்டாத இடத்தில் இந்தச் சாய்வு வந்தால் அது குறையாகிவிடும். நூல் தப்பி வெட்டிய கை, போட்டதும் முறுக்கிக்கொள்ளும். பாவாடையாக இருந்தால் பக்கத் தையல் மெல்ல முன்பக்கம் திரும்பும். இரண்டு துவைப்புக்குப் பிறகுதான் இது தெரியவரும். அப்போது செய்ய ஒன்றுமிருக்காது.

படத்தில் அம்பைப் படிக்கும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். படத்தின் மேல்-கீழ் திசையையே துணியின் நீளத் திசை என்று எடுத்துக்கொள்வோம். படமெடுத்தவர் தாளை எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைத்திருக்கலாம். அம்பு எங்கே போகிறதோ அதுதான் திசை. அது தாளில் மூலைவாட்டில் ஓடினால் அச்சுப் பிழை அல்ல. அந்தப் பாகத்தைக் கிராஸில் வெட்டச் சொல்கிறது என்று பொருள். அம்புக்கு ஒரு முனையில் மட்டும் தலை இருந்தால், வெல்வெட் போன்ற ரோமமுள்ள துணியையோ ஒரே திசையில் நிற்கும் பூப்போட்ட துணியையோ எல்லாப் பாகத்துக்கும் ஒரே பக்கம் பார்த்து வைக்க வேண்டும்.

அம்பின் திசையைப் படத்திலிருந்து அறியலாம்; பாகத்தின் விளிம்போடு அது என்ன கோணத்தில் இருக்கிறது என்பதைப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது. துணியில் வைக்கும்போது கோணம் தேவையும் இல்லை. அம்பின் ஒரு முனையிலிருந்து துணியின் கரை வரை டேப்பால் அளக்கிறோம், மறுமுனையிலிருந்தும் அளக்கிறோம், இரண்டும் ஒன்றாக வரும்வரை தாளை நகர்த்துகிறோம். அம்பு 16 அங்குலம் இருந்து, இரண்டு அளவுக்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருந்தால் சாய்வு ஏறத்தாழ 1.8 டிகிரி. கண்ணுக்குப் பிடிபடாத இந்தச் சாய்வை டேப் பிடித்துவிடும். அம்பு இவ்வளவு நீளமாக அச்சிடப்படுவதன் காரணமும் இதுதான்: நீளம் கூடக் கூட அதே அளவுப் பிழைக்குச் சாய்வு குறையும்.

மடிப்புக் குறி: வெட்டக் கூடாத விளிம்பு

முன்பாகத்தில் நீண்ட அம்பு தனியாக இருக்காது. அதற்குப் பதில் ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு. அதன் இரு முனையும் செங்குத்தாகத் திரும்பி, அம்புத் தலையோடு ஓரத்தைத் தொடும். பக்கத்தில் ‘பிளேஸ் ஆன் ஃபோல்ட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் இந்த ஓரத்தை வைத்து, அங்கே மட்டும் வெட்டாமல் விட வேண்டும். பிரித்தால் முழு முன்பாகம் வரும். வழக்கமாக மடிப்பு பாவுத் திசையில் போகும். ஆகவே இந்தக் குறியே கிரெய்ன் லைன் வேலையையும் பார்த்துவிடுகிறது.

இந்த ஓரத்தில் தையலுக்கு விடும் இடம் கிடையாது. அமெரிக்க உறை பேட்டர்ன்களில் மற்ற விளிம்புகளில் வழக்கமாக எட்டில் ஐந்து பங்கு, அதாவது 5/8 அங்குலம், தையலுக்காக உள்ளேயே சேர்த்திருப்பார்கள். மடிப்பைக் கவனிக்காமல் இங்கேயும் ஒருவர் 5/8 கூட்டி மடிப்பில் வைத்தால், முன்பாகம் ஒன்றேகால் அங்குலம் அகலமாகிவிடும். கழுத்து தோளிலிருந்து நழுவுவது அதன் முதல் அடையாளம்.

படத்தில் ஒரு தொல்லை உண்டு. மடிப்புக் குறி ஓரத்தை ஒட்டியே இருப்பதால், படத்தைக் கொஞ்சம் நெருக்கி வெட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான். அப்போது, நேராக இருக்கும் ஓரம் மடிப்பாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கத் தோன்றும். ஆனால் ஜிப் வைக்கும் நடுமுதுகு ஓரமும் நேராகத்தான் இருக்கும். பல சைஸ் கோடுகள் ஒரே கோடாகச் சேர்வதும் இரண்டிலும் நடக்கும். தீர்ப்பு சொல்வது எழுத்துதான். பாகத்தின் பெயருக்குக் கீழே ‘கட் 1’ என்று இருந்து, பாகம் பாதி உருவமாக இருந்தால் அது மடிப்பு. ‘கட் 2’ என்றால் இரண்டு துண்டு. நடுவில் தையலோ ஜிப்போ பட்டன் வரிசையோ வரும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டன் வைத்த முன்பாகங்களில் விளிம்புக்கு உள்ளே ‘ஃபோல்ட் லைன்’ என்று ஒரு கோடு ஓடும். அது வெட்டிய பிறகு பட்டியை உள்ளே மடிக்க வேண்டிய இடம். துணியின் மடிப்பில் வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓரத்தை நோக்கித் திரும்பிய அம்புத் தலைகள் இருந்தால் முன்னது. வெறும் கோடு என்றால் பின்னது.

டிஷ்யூ தாளில் உண்மையான மடிப்புத் தழும்புகளும் இருக்குமே! உறைக்குள் மடங்கிக் கிடந்த தாள் அல்லவா. தழும்பு தாளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போகும், எழுத்தின் மேலேயும் ஏறிப் போகும். அச்சுக்கோடு பாகத்துக்குள் தொடங்கி பாகத்துக்குள்ளேயே முடியும். சூடு குறைவான இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் ஒரு தடவை ஓட்டிவிட்டுப் படமெடுத்தால் இந்தச் சந்தேகமே வராது.

நாட்ச்: ஒன்றா, இரண்டா

விளிம்பில் இருக்கும் முக்கோணங்கள் நாட்ச் குறிகள். இரண்டு பாகங்களைத் தைக்கும்போது எந்த இடம் எந்த இடத்தோடு சேர வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. கைக்குழியில் ஒரு நீண்ட வழக்கம் இருக்கிறது: முன்பாகத்தில் ஒற்றை நாட்ச், பின்பாகத்தில் இரட்டை. கையின் மேல் வளைவிலும் அதே போல ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை. கை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வளைவு ஒன்றல்ல. முதுகுப் பக்கம் கூடுதல் இடம் வேண்டும். இரட்டை நாட்ச் பின்பாகத்துக்குப் போனால் கை சரியாக உட்காரும். மாற்றித் தைத்தால் கையை முன்னே நீட்டும்போது முதுகு பிடிக்கும்.

எண்ணிக்கை கேமராவால் மாறாது என்பதால், படத்தில் மிகவும் நம்பத்தக்க குறி நாட்ச்தான். முக்கோணம் எவ்வளவு நசுங்கித் தெரிந்தாலும் ஒன்று ஒன்றுதான், இரண்டு இரண்டுதான். கவனிக்க வேண்டியவை வேறு. டிஷ்யூ வழியாகக் கீழே இருக்கும் தாளின் குறியும் தெரியும். விளிம்புக் கிழிசலும் நாட்ச் போலவே நிற்கும். சந்தேகம் வந்தால் ஜோடியைத் தேட வேண்டும். நாட்ச் தனியாக இருக்காது. சேர வேண்டிய பாகத்தில் அதன் இணை இருந்தே தீரும். பல பேட்டர்ன்களில் நாட்ச் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஒரே எண் உள்ளவை ஒன்றோடொன்று சேரும். பொதுவாக அந்த எண்களின் வரிசையே தைக்கும் வரிசை.

நாட்ச் எங்கே இருக்கிறது என்பதைப் படத்திலிருந்து எடுத்துத் துணியில் குறிப்பது மட்டும் ஆகாது. ‘கைக்குழியில் பாதி தூரம்’ என்று படத்தில் தெரிவது தாளில் பாதியாக இருக்காது. மூன்று சைஸ் கோடுகள் இருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி நாட்ச் இருக்கும். நம் கோட்டில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். தாளின் பின்பக்கத்தைப் படமெடுத்தாலும், போன் செல்ஃபி கேமராவில் படத்தைத் திருப்பிவிட்டாலும் பாகம் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். எழுத்து நேராகப் படிக்க வந்தால் தாள் நேர்ப்பக்கம்.

எண்கள்: 14 என்றால் எந்த 14?

இன்று அமெரிக்காவின் பெரிய பேட்டர்ன் நிறுவனங்களின் பெண்கள் அளவில் 12 என்றால் மார்புச் சுற்றளவு 34 அங்குலம், 14 என்றால் 36, 16 என்றால் 38. இது உடம்பின் அளவு, உடையின் அளவு அல்ல. கடையில் வாங்கும் ஆயத்த ஆடையின் எண்ணோடும் இது பொருந்தாது. பேட்டர்னில் எண் வழக்கமாகப் பெரிதாக இருக்கும்.

பழைய பேட்டர்னாக இருந்தால் எண் இன்னும் ஏமாற்றும். 1940களின் 14க்கு மார்பு 32 அங்குலம். 1956இல் அளவுப் பட்டியல் மாறியபின் 34. 1960களின் இறுதியில் மறுபடி மாறியபின் 36. படத்தில் வெறும் ‘14’ மட்டும் தெரிந்தால் அதற்குப் பொருளே இல்லை. பக்கத்தில் மார்பு அளவு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உறையின் படமும் வேண்டும். மிகப் பழைய பேட்டர்ன்களில் அச்சே இருக்காது. எபனேசர் பட்டரிக் 1863இல் அளவு வாரியான காகித பேட்டர்ன்களை விற்கத் தொடங்கிய காலம் முதல் பல பத்தாண்டுகள் குறிகளெல்லாம் தாளில் குத்திய துளைகள்தான். அத்தகைய தாளை வெள்ளை மேஜையில் வைத்துப் படமெடுத்தால் துளைகள் கண்ணில் படாது. கீழே கறுப்புத் தாளை விரித்தால் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும்.

நம் படத்துக்கு வருவோம். மூன்று கோடுகளும் கழுத்தருகே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எது 14 என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது. பக்கத் தையலில் அவை நன்றாகப் பிரிந்து நிற்கும். அங்கே நம் கோட்டைப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமல் கைக்குழி, தோள், கழுத்து என்று மேலே போவதுதான் வழி.

அந்த இடைவெளியிலேயே ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் மார்பில் 2 அங்குலம். மடிப்பில் வைக்கும் முன்பாகம் உடம்பில் கால் பங்கு. ஆகவே கைக்குழிக்குக் கீழே, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையில் ஏறத்தாழ அரை அங்குலம் இருக்க வேண்டும். 12க்கும் 16க்கும் இடையில் ஓர் அங்குலம். படத்தில் அந்த இடைவெளி 62 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மடிப்பிலிருந்து 14ஆம் கோடு வரை 640 பிக்சல். வகுத்தால் 10.3 அங்குலம். சரிதானே என்று தோன்றும். ஆனால் கோட்டின் தடிமனால் 62 என்பது 59ஆகவோ 65ஆகவோ இருக்கலாம். அப்போது விடை 10.8 முதல் 9.8 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். நான்கால் பெருக்கினால் சுற்றளவில் 4 அங்குலம், அதாவது இரண்டு முழு சைஸ். பேட்டர்ன் எந்த அளவுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்க இது போதும். துணியை வெட்டப் போதாது.

அளந்தே ஆக வேண்டும் என்றால்

படமெடுக்கும்போதே ஒரு 12 அங்குல ஸ்கேலைப் பாகத்தின் மார்புக் கோட்டை ஒட்டி வைத்துவிட வேண்டும். இப்போது 12 அங்குலம் 744 பிக்சல். அதே 3 பிக்சல் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவாகிவிடுகிறது. அகலம் 10.3 அங்குலம், தையலுக்கு 5/8 கழித்தால் 9.7, நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 38.8. டார்ட் இல்லாத டாப்ஸ் என்பதால் இந்தக் கணக்கு செல்லும். இதைச் சரிபார்க்கத் தாளிலேயே ஒரு குறி உண்டு: வட்டத்துக்குள் கூட்டல் குறி. மார்பு, இடுப்பு இருக்குமிடங்களில் அது அச்சாகியிருக்கும். பக்கத்தில் தைத்து முடித்த உடையின் சுற்றளவு ஒவ்வொரு சைஸுக்கும் எழுதியிருக்கும். 14க்கு நேரே 39க்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் நம் அளவு நம்பத்தக்கது. முன்பாகமும் பின்பாகமும் மிகச் சரியாக ஒரே அகலம் இல்லை என்பதால் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். 36 என்றோ 42 என்றோ இருந்தால் சைஸ் கோட்டைத் தவறாகப் பிடித்திருக்கிறோம், இல்லாவிட்டால் படம் சாய்ந்திருக்கிறது.

ஸ்கேல் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டுமே அளவு சொல்லும். சாய்வைக் கண்டுபிடிக்க இன்னொரு குறி உதவும். பாகத்தின் நடுவில் இரண்டு இணைகோடுகள் குறுக்கே ஓடும். உடையை நீட்டவோ குறைக்கவோ வேண்டிய இடம் அது. தாளில் அவை மடிப்பு ஓரத்துக்குச் செங்குத்து. படத்தில் அந்தக் கோணம் 90 டிகிரி இல்லையென்றால் போன் சாய்ந்திருந்தது உறுதி. 90 டிகிரி இருந்தாலோ சாய்வில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மடிப்பு படத்தின் நடுவே நிற்க, அந்தத் திசையிலேயே போன் முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் செங்கோணம் கெடாமலே நீளம் கெட்டிருக்கும்.

முழுத் தீர்வு, நான்கு மூலைகளும் தெரிந்த ஒரு செவ்வகம். கட்டம் போட்ட கட்டிங் மேட் மேல் தாளை விரித்தால் போதும். நான்கு புள்ளிகளின் உண்மையான இடம் தெரிந்தால் படத்தின் சாய்வு முழுவதையும் கணக்கிட்டு நிமிர்த்திவிடலாம். போனில் இருக்கும் ஸ்கேன் செயலிகளும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் சில செயலிகள் செவ்வகத்தின் நீள அகல விகிதத்தைத் தாங்களே ஊகித்து ஏ4 தாளுக்கு இழுத்துவிடும். நிமிர்த்திய பின் மேட்டின் கட்டங்கள் இரண்டு திசையிலும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று பார்த்தே நம்ப வேண்டும்.

நிமிர்த்தலால் சரியாகாத பிழை ஒன்று உண்டு: சுருண்ட தாள். 24 அங்குல உயரத்திலிருந்து எடுக்கும்போது தாளின் ஒரு மூலை ஓர் அங்குலம் எழும்பினால் அந்தப் பகுதி 4 சதவீதம் பெரிதாகிவிடும். 10 அங்குலப் பாகத்தில் 0.4 அங்குலம், சுற்றளவில் 1.6, கிட்டத்தட்ட ஒரு சைஸ். தாளின் ஓரங்களில் கனமான ஸ்கேலையோ காசுகளையோ வைத்துத் தட்டையாக்கி, ஸ்டூலில் ஏறி நின்று ஐந்தடி உயரத்திலிருந்து 2 மடங்கு ஜூமில் எடுத்தால் இந்தப் பிழை 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்.

ஆகவே ஸ்கேலோ கட்டமோ இல்லாத படம் வந்தால், எத்தனை துண்டு, எது மடிப்பு, நூல் எந்தப் பக்கம், எந்த நாட்ச் எதோடு சேரும், எந்த வரிசையில் தைப்பது என்பதையெல்லாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அகலம் நீளம் வேண்டுமானால் அனுப்பியவரிடம் டேப்பால் அளந்து மூன்றே எண் கேட்பது நல்லது: மார்புக் கோட்டில் மடிப்பிலிருந்து 14ஆம் கோடு வரை, தோளின் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை, கைக்குழியின் வளைவு நீளம். அந்த மூன்றையும் பிரவுன் பேப்பரில் போட்டு வரைந்து, முதலில் ஒரு மலிவான காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பார்த்தால், படத்தில் மிஞ்சிய பிழை எங்கே இருக்கிறது என்பது உடம்பில் போட்டவுடன் தெரிந்துவிடும்.